செம்பனை ரேம்ப்புக்கு ஆர்ம் மடிக்கணினி சரிப்படுமா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் அப்பா நடத்திவந்த, செம்பனைக் குலைகளை எடை போட்டு வாங்கும் ரேம்ப்பை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். இடி மழை என்றால் மின்சாரம் போய்விடுகிறது, லாரிகள் வரிசையில் நிற்கின்றன. புதிய ஸ்னாப்டிராகன் மடிக்கணினி நாள் முழுக்க பேட்டரியில் ஓடும், எல்லா மென்பொருளும் வேலை செய்யும் என்று ஈப்போவில் கடைக்காரர் சொல்கிறார். எடை போடும் மென்பொருள், மூன்று நகல் ரசீது அடிக்கும் பிரிண்டர், கணக்கு, மின்விலைப்பட்டியல் எல்லாம் அதிலேயே நடக்க வேண்டும். வாங்கலாமா, வழக்கமான இன்டெல் போதுமா? தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்கள்.

எடைமேடைக்கு வேண்டாம், தங்கச்சி. கணக்குக்கும் மின்விலைப்பட்டியலுக்கும் என்றால் தாராளமாக வாங்கலாம். இந்த இரண்டையும் ஒரே மடிக்கணினியில் கேட்பதில்தான் சிக்கல் இருக்கிறது. நானும் பேராக்கில் தோட்ட அலுவலகங்களுக்கும் ரேம்ப்புகளுக்கும் பல ஆண்டுகளாகக் கணினி பார்த்துக் கொடுப்பவன். கடைக்காரர் சொன்னது முழுப் பொய்யில்லை. வீட்டிலும் அலுவலகத்திலும் பயன்படும் கணினியைப் பற்றி அவர் சொன்னால் அது பெருமளவு உண்மை. ஆனால் ரேம்ப்பில் உள்ள கணினியின் முதுகில் கம்பிகள் இருக்கின்றன. அந்தக் கம்பிகளின் மறுமுனையில் என்ன இருக்கிறது என்பதுதான் உங்கள் கேள்விக்கான விடையைத் தீர்மானிக்கிறது.

கடைக்காரர் சொன்ன ஸ்னாப்டிராகன் என்பது ஆர்ம் வகைச் சில்லு, அதன் கட்டளை மொழி இன்டெல், ஏஎம்டி சில்லுகளின் மொழியிலிருந்து வேறானது. முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது. இன்டெல், ஏஎம்டி சில்லுகளுக்காக எழுதப்பட்ட சாதாரண விண்டோஸ் மென்பொருள்களில் பெரும்பாலானவை இன்று ஆர்ம் சில்லிலும் ஓடுகின்றன. இது ஒரே நாளில் வந்த நிலை அன்று. 2012இல் வந்த விண்டோஸ் ஆர்டியில் பழைய மென்பொருள் எதுவுமே ஓடவில்லை. 2017இன் கடைசியில் அறிமுகமான ஆர்ம் மடிக்கணினிகளில் 32 பிட் மென்பொருள் மட்டும், அதுவும் மெதுவாக, ஓடியது. 64 பிட் மென்பொருளை ஓட்டும் வசதி விண்டோஸ் 11 உடன்தான் வந்தது. 2024 ஜூனில் ஸ்னாப்டிராகன் எக்ஸ் மடிக்கணினிகளோடு பிரிஸம் என்ற புதிய மொழிமாற்றும் அடுக்கு வந்த பிறகே வேகம் ஏற்கத்தக்கதாயிற்று. இன்டெல் மொழியில் உள்ள கட்டளைகளை அந்த அடுக்கு ஓடும்போதே ஆர்ம் மொழிக்கு மாற்றுகிறது, மாற்றியதைச் சேமித்து வைத்து அடுத்த முறை எடுத்துக்கொள்கிறது. ஆகவே புதிதாக நிறுவிய மென்பொருள் முதல் தடவை திறக்கும்போது சற்றுத் தயங்கும், பிறகு சரியாகிவிடும். குரோம், எட்ஜ், வேர்ட், எக்செல் ஆகியவற்றுக்கு இந்த மொழிமாற்றம்கூடத் தேவையில்லை. அவை ஆர்ம் சில்லுக்கென்றே செய்த பதிப்புகளாகக் கிடைக்கின்றன. மின்விலைப்பட்டியலுக்கான வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளம் உலாவியில் திறப்பது என்பதால் அங்கே உங்களுக்கு எந்தத் தடையும் வராது.

தடை வேறு இடத்தில் இருக்கிறது. பிரிண்டர், எடைக்கருவி, உரிமச் சாவி போன்ற வெளிக்கருவிகளோடு பேசுவதற்கு விண்டோஸுக்கு டிரைவர் என்ற சிறு நிரல் வேண்டும். இத்தகைய டிரைவர்களில் பல, இயங்குதளத்தின் உள்மையத்துக்குள்ளேயே உட்கார்ந்து வேலை செய்கின்றன. முன்பெல்லாம் தோட்டத்துத் தொழிலாளி சொல்வதைக் கிராணி துரையின் மொழியில் மாற்றிச் சொல்வார் அல்லவா? அந்தப் பேச்சு அலுவலக வராந்தாவில் நடக்கும். துரையின் உள்ளறைக்குள் கிராணிக்கு இடமில்லை, அங்கே துரையின் மொழி தெரிந்தவர்தான் போக முடியும். பிரிஸமும் அப்படித்தான், வராந்தாவில் மட்டுமே மொழிமாற்றும். உள்மையத்துக்குள் போகும் டிரைவர் ஆர்ம் மொழியிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். இன்டெல்லுக்காக எழுதிய டிரைவர் ஆர்ம் விண்டோஸில் ஏறாது. மெதுவாகவாவது ஓடும் என்ற நிலைகூட அங்கே இல்லை. இதில் ஐயத்துக்கு இடமே இல்லை.

இப்போது உங்கள் ரேம்ப்பில் ஒரு லாரி எடைமேடையில் ஏறுவதிலிருந்து ரசீது கிழிப்பது வரை என்ன நடக்கிறது என்று பாருங்கள். மேடைக்கு அடியிலுள்ள உணரிகளின் கம்பி, எடை காட்டும் பெட்டிக்கு வருகிறது. அந்தப் பெட்டியின் பின்னால் ஒன்பது ஊசிகள் கொண்ட பழைய சீரியல் இணைப்பு இருக்கும். இன்றைய மடிக்கணினியில் அந்தத் துளை கிடையாது என்பதால் இடையில் ஒரு யூஎஸ்பி மாற்றிக் கம்பி போட்டிருப்பார்கள். அந்த மாற்றியின் டிரைவர் கணினிக்குள் COM3 அல்லது COM4 என்ற பெயரில் ஒரு வாயிலை உண்டாக்குகிறது. எடை மென்பொருள் அந்த வாயிலைத் திறந்து, பெட்டி விடாமல் அனுப்பிக்கொண்டிருக்கும் எண்ணைப் படிக்கிறது. பிறகு லாரி எண்ணையும் எடையையும் தரவுத்தளத்தில் எழுதுகிறது. கடைசியில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ரசீது அடிக்கிறது. இந்தச் சங்கிலியில் எடை மென்பொருள் ஒன்றுதான் பிரிஸத்தின் உதவியால் பிழைத்துக்கொள்ளக்கூடியது. மாற்றி, பிரிண்டர், மென்பொருளின் உரிமத்துக்காகச் செருகும் யூஎஸ்பி சாவி ஆகிய மூன்றுக்கும் ஆர்ம் டிரைவர் வேண்டும். தரவுத்தளத்தின் கதை தனி, அதற்குப் பிறகு வருகிறேன்.

கெட்டுப்போனால் எப்படித் தெரியும் என்பதை ஒரு ரேம்ப்பில் கண்ட காட்சியைக் கொண்டே சொல்கிறேன். புது ஆர்ம் மடிக்கணினியை வாங்கி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். எடை மென்பொருள் அழகாக நிறுவப்பட்டிருந்தது, பழைய லாரிப் பட்டியல்கூட வந்திருந்தது. எடை காட்டும் பெட்டியில் சிவப்பு எழுத்தில் எண் ஓடிக்கொண்டிருக்க, திரையில் மட்டும் 0 அசையாமல் நின்றது. விண்டோஸில் `Device Manager` என்றிருக்கும் சாதன மேலாளரைத் திறந்தால் `Ports (COM & LPT)` என்ற வரியே காணோம். `Other devices` என்பதன் கீழ் மஞ்சள் முக்கோணத்தோடு மாற்றிக் கம்பி உட்கார்ந்திருந்தது. மாற்றியோடு வந்த டிரைவர் நிறுவி கடைசிவரை ஓடி, முடிந்துவிட்டது என்றும் சொல்லியிருக்கிறது. பலரை ஏமாற்றுவது இதுதான். நிறுவி என்பது சாதாரண மென்பொருள், ஆகவே அது மொழிமாற்றத்தில் ஓடிவிடும். அது கொண்டுவந்து வைக்கும் டிரைவர்தான் ஏறாது. நிறுவி சொல்வதை நம்பாமல் சாதன மேலாளரைப் பார்க்க வேண்டும்.

மாற்றிக் கம்பியின் சிக்கல் மூன்றிலும் எளிதானது, குறைந்த செலவில் தீரக்கூடியது. இப்போது ரேம்ப்பில் இருக்கும் கணினியில் அந்த மாற்றி செருகப்பட்டிருக்கும்போது, சாதன மேலாளரில் அதன் மேல் வலப்பொத்தானை அழுத்தி `Properties`, பிறகு `Details`, அதில் `Hardware Ids` என்று போங்கள். `VID_0403` என்று இருந்தால் அது எஃப்டிடிஐ சில்லு. `VID_067B` என்றால் புரோலிஃபிக். `VID_1A86` என்றால் சிஎச்340 வகை. எஃப்டிடிஐ நிறுவனம் ஆர்ம் விண்டோஸுக்கான டிரைவரை வெளியிட்டிருக்கிறது, ஆகவே அந்தச் சில்லுள்ள கம்பி வாங்கிப் போட்டால் பெரும்பாலும் வேலை முடிந்தது. பழைய புரோலிஃபிக் சில்லுகளில் சில, புதிய இன்டெல் கணினியிலேயே ஏற்கப்படுவதில்லை. சாதன மேலாளரில் அந்தச் சில்லு கைவிடப்பட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நிற்கும். அப்படி வந்தால் குற்றம் ஆர்ம் சில்லின் மேல் இல்லை, இன்டெல் வாங்கினாலும் கம்பியை மாற்றத்தான் வேண்டியிருக்கும்.

பிரிண்டரில் இவ்வளவு எளிதில் தப்ப முடியாது. வலை வழியே இணையும் புதிய இங்க்ஜெட், லேசர் பிரிண்டர்கள் பெரும்பாலும் விண்டோஸில் உள்ள பொது டிரைவரிலேயே ஓடிவிடும், அவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம். மூன்று நகல் தாளில் ஊசியால் குத்தி அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் அந்த வகையில் சேராது. அதற்கு உற்பத்தியாளரின் டிரைவர் வேண்டும், பழைய மாதிரி என்றால் ஆர்ம் பதிப்பு இல்லாமலே போகலாம். விண்டோஸில் உள்ள `Generic / Text Only` டிரைவரைப் போட்டு எழுத்துகளை மட்டும் அடிக்க வைக்கலாம். ஆனால் ரசீதில் கட்டங்களும் நிறுவனச் சின்னமும் இருந்தால் அவை வராது, வரிகளும் அச்சிட்ட தாளின் இடங்களில் சரியாக விழாமல் நகர்ந்துபோகும். உங்கள் மென்பொருள் வெறும் எழுத்தாக ரசீது அனுப்புகிறதா, படமாக அனுப்புகிறதா என்பதைப் பொறுத்தது இது. அடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

உரிமச் சாவியைப் பொறுத்தவரை மென்பொருள் விற்றவரிடம் எழுத்தில் கேட்பது ஒன்றே வழி. சாவியின் டிரைவர் ஏறவில்லை என்றால் மென்பொருள் திறக்கும், ஆனால் சோதனைப் பதிப்பு என்று காட்டும் அல்லது சில பதிவுகளுக்குப் பிறகு நின்றுவிடும். உங்களிடம் சாவியே இல்லாமல் இணையத்தில் பதிவுசெய்யும் உரிமம் இருந்தால் இந்தக் கவலை இல்லை.

தரவுத்தளத்தை நான் தனியாக வைத்ததற்குக் காரணம், பலர் அப்படி ஒன்று இருப்பதையே அறியாமல் இருப்பதுதான். நம் நாட்டில் விற்கும் எடை, கணக்கு மென்பொருள்களில் பல, பின்னால் மைக்ரோசாப்ட் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸை நிறுவிக்கொள்கின்றன. அதன் 2019, 2022 பதிப்புகளுக்கு ஆர்ம் விண்டோஸில் மைக்ரோசாப்டின் ஆதரவு இல்லை. மென்பொருளின் முகப்பு திறக்கும், கடவுச்சொல்லும் கேட்கும், அதன்பின் சர்வரைக் காணவில்லை என்று நின்றுவிடும். இன்றைய கணினியில் `services.msc` என்று தட்டிப் பட்டியலில் `SQL Server` என்று தொடங்கும் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், தரவுத்தளம் ஓர் இன்டெல் அல்லது ஏஎம்டி கணினியில்தான் இருக்க வேண்டும். ஆர்ம் மடிக்கணினி வலை வழியே அதனோடு பேசிக்கொள்ளலாம், அதில் தடையில்லை.

டிரைவர் ஒன்று ஆர்ம் விண்டோஸுக்கும் ஆனதா என்பதை மடிக்கணினி வாங்காமலேயே தெரிந்துகொள்ள முடியும். உற்பத்தியாளர் தளத்திலிருந்து டிரைவரை இறக்கி, சுருக்கக் கோப்பாக இருந்தால் விரித்து, ஒரு கோப்புறையில் வையுங்கள். அதில் `.inf` என்று முடியும் கோப்புகள் இருக்கும். எந்த வகைச் சில்லுக்கு இந்த டிரைவர் பொருந்தும் என்று அவற்றில் எழுதியிருப்பார்கள். இன்டெல், ஏஎம்டி என்றால் `NTamd64` என்றும், ஆர்ம் என்றால் `NTarm64` என்றும் இருக்கும். அந்தக் கோப்புறையில் பவர்ஷெல்லைத் திறந்து இந்த வரியைத் தட்டினால் போதும்:

```
Get-ChildItem -Recurse -Filter *.inf | Select-String "NTarm64"
```

ஏதேனும் வரி திரையில் வந்தால் அந்த டிரைவருக்கு ஆர்ம் பதிப்பு இருக்கிறது என்று பொருள். வரவில்லை என்றால், அந்தத் தொகுப்பில் இல்லை. உற்பத்தியாளர் ஆர்ம் பதிப்பைத் தனித் தொகுப்பாக வைத்திருக்கவும் கூடும், ஆகவே தளத்தில் இன்னொரு முறை தேடிவிட்டு முடிவுசெய்யுங்கள். `.exe` கோப்பாக மட்டும் கிடைக்கும் டிரைவரில் இந்தச் சோதனை நேரடியாக நடக்காது, அதை முதலில் விரித்தாக வேண்டும்.

இனி பேட்டரி. ஆர்ம் மடிக்கணினி அதிக நேரம் தாங்குகிறது என்பது உண்மை. காரணம் மொழி மட்டும் இல்லை. இந்தச் சில்லுகளைச் செய்தவர்கள் கைபேசிச் சில்லில் பழகிய கையோடு வந்தவர்கள். வேலை இல்லாத ஒவ்வொரு கணத்திலும் பகுதி பகுதியாக அணைந்து, தேவைப்படும்போது சட்டென்று விழித்துக்கொள்ளும்படி அதை அமைத்திருக்கிறார்கள். நாம் கணினியில் செய்யும் வேலையில் பெரும்பங்கு காத்திருப்பதுதான் என்பதால் அந்தச் சேமிப்பு மணிக்கணக்காகத் தெரிகிறது. இன்னொன்று, மின்சாரத்தைப் பிடுங்கினாலும் அதன் வேகம் அவ்வளவாகக் குறைவதில்லை. பல இன்டெல் மடிக்கணினிகள் பேட்டரிக்கு மாறியவுடன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ஆனால் பெட்டியில் எழுதியிருக்கும் மணிக்கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அது பெரும்பாலும் குறைந்த வெளிச்சத்தில், கணினியிலேயே உள்ள ஒரு வீடியோவைத் தொடர்ந்து ஓடவிட்டு அளந்தது. நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பேட்டரி 55 வாட்-மணி என்று வைத்துக்கொள்வோம். அறைக்குள் அமர்ந்து உலாவியும் எக்செல்லுமாக வேலை செய்யும்போது முழு மடிக்கணினியும் சுமார் 5.5 வாட் எடுத்தால் 10 மணி நேரம் வரும். இப்போது அதையே ரேம்ப்பின் தகரக் கூரைக்கு அடியில், வெயில் எதிரொளிக்கும் இடத்தில் வையுங்கள். திரை வெளிச்சத்தை முழுதாக ஏற்றியாக வேண்டும், அதற்கே இரண்டு மூன்று வாட் கூடும். எடை மென்பொருள் வாயிலை விடாமல் படித்துக்கொண்டே இருப்பதால் சில்லு முழுதாகத் தூங்க முடியாது, மொழிமாற்றமும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மொத்தம் 10 வாட் ஆனால் ஐந்தரை மணி நேரம். இன்டெல் மடிக்கணினியிலும் திரை எடுக்கும் மின்சாரம் அதேதான். ஆகவே ரேம்ப்பில் இரண்டுக்கும் உள்ள இடைவெளி கடையில் காட்டும் அளவுக்கு இருக்காது. இந்த வாட் கணக்கு என் மதிப்பீடு, மாதிரிக்கு மாதிரி மாறும். உங்கள் கணினி உண்மையில் என்ன செய்கிறது என்பதை `powercfg /batteryreport` என்ற கட்டளை தரும் அறிக்கையில் பார்க்கலாம். அதில் `DESIGN CAPACITY` என்பது புதிதாக இருந்தபோதுள்ள கொள்ளளவு, `FULL CHARGE CAPACITY` என்பது இன்று மிஞ்சியிருப்பது.

இதைவிட முக்கியமான ஒன்றை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை என்று தோன்றுகிறது. இடி மழையில் மின்சாரம் போகும்போது மடிக்கணினி மட்டும் உயிரோடு இருந்து பயனில்லை. எடை காட்டும் பெட்டி அணைந்தால் எண் வராது, பிரிண்டர் அணைந்தால் ரசீது வராது. சில எடைப் பெட்டிகளுக்குள் சொந்த பேட்டரி உண்டு, டாட் மேட்ரிக்ஸுக்கு எனக்குத் தெரிந்து கிடையாது. லாரி வரிசை நகர வேண்டுமானால் உங்களுக்கு முதலில் தேவை ஒரு நல்ல யூபிஎஸ். 12 வோல்ட், 9 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றுள்ள யூபிஎஸ்ஸில் காகிதக் கணக்கில் 108 வாட்-மணி இருக்கும். இழப்புகளைக் கழித்தால் கைக்கு வருவது ஏறத்தாழ 50 வாட்-மணி. மேசைக் கணினியும் திரையும் எடைப் பெட்டியும் சேர்ந்து 100 வாட் எடுத்தால் அது அரை மணி நேரத்துக்கு வரும். மேசைக் கணினிக்குப் பதிலாக எந்த மடிக்கணினியை வைத்தாலும், அது இன்டெல்லாக இருந்தாலும், அதற்குச் சொந்த பேட்டரி இருப்பதால் யூபிஎஸ்ஸின் சுமை எடைப் பெட்டியும் பிரிண்டரும் மட்டும்தான். பிரிண்டர் ரசீது அடிக்கும் சில நொடிகள்தான் அதிகம் இழுக்கும். அப்படியானால் அதே யூபிஎஸ் ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுத்துப் பிடிக்கும். உங்கள் பணத்தில் ஒரு பகுதி இங்கே போவதுதான் நியாயம். பேட்டரி மூன்று நான்கு ஆண்டுகளில் வலுவிழக்கும், மாற்றிக்கொள்ள வேண்டும். இடி பாயும் இடம் என்பதால் மின்னல் தடுப்பானும் போடுங்கள், எடைமேடைக் கம்பி வழியாகவும் மின்னல் வரும்.

ஆர்ம் சில்லின் நன்மை ரேம்ப்பைவிட உங்கள் கைப்பையில்தான் அதிகம் தெரியும். மூடி வைத்த மடிக்கணினி இரவெல்லாம் மிகக் குறைவாகவே பேட்டரியைக் கரைக்கிறது, காலையில் மூடியைத் திறந்தவுடன் விழிக்கிறது. இன்டெல் மடிக்கணினிகளில் சில, மூடி வைத்தபின்னும் பைக்குள் விழித்து எழுந்து சூடாகி, காலையில் பாதி பேட்டரியைத் தின்றுவிட்டிருக்கும். அந்தத் தொல்லைக்கு இன்டெல்லில் மருந்து, மூடியை மூடினால் `Hibernate` ஆகும்படி அமைத்துவிடுவது. திறக்கும்போது சில நொடிகள் கூடுதலாகும், பேட்டரி அப்படியே இருக்கும்.

ஒரே மடிக்கணினிதான் வாங்க முடியும் என்றால் என் தீர்ப்பு தெளிவானது: இன்டெல் அல்லது ஏஎம்டி வாங்குங்கள். பேட்டரியும் வேண்டும் என்றால் இன்டெல்லில் 2024 செப்டம்பரில் வந்த கோர் அல்ட்ரா 200வி வரிசையைப் பாருங்கள். மாதிரி எண்ணின் கடைசியில் `V` இருக்கும், 258V, 226V என்பதுபோல. இந்த வரிசையில் நினைவகத்தைச் சில்லோடு சேர்த்தே வைத்து மின்செலவைக் குறைத்திருக்கிறார்கள். சாதாரண வேலையில் இது ஆர்ம் மடிக்கணினிக்கு மிக நெருக்கத்தில் வந்துவிட்டது, அத்தோடு உங்கள் பழைய டிரைவர்களில் பெரும்பாலானவை ஏறும். நினைவகத்தைப் பின்னால் கூட்ட முடியாது என்பதே இதன் குறை. 16 அல்லது 32 ஜிபி என்று வாங்கும்போதே முடிவுசெய்ய வேண்டும். `H`, `HX` என்று முடிபவை வேகமானவை, பேட்டரியில் இவ்வளவு தாங்காது. ஒரே நிறுவனத்தின் பெயர் இருக்கிறதே என்று இவற்றை ஒன்றாக எண்ணிவிடாதீர்கள்.

ஆப்பிள் மேக்புக்கைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். பேட்டரியில் அது மிக நல்லது. ஆனால் உங்கள் எடை மென்பொருள் விண்டோஸுடையது. மேக்கில் பேரலல்ஸ் போன்ற மென்பொருளுக்குள் ஓடுவதும் ஆர்ம் விண்டோஸ்தான், ஆகவே டிரைவர் சுவர் அங்கேயும் அதே இடத்தில் நிற்கும்.

இரண்டு கணினிக்கு இடமிருந்தால் வழி இன்னும் நன்றாக இருக்கிறது. இப்போதுள்ள கணினி ரேம்ப்பிலேயே யூபிஎஸ்ஸோடு எடை போட்டுக்கொண்டிருக்கட்டும். தரவுத்தளமும் பிரிண்டரும் அதிலேயே இருக்கட்டும். நீங்கள் ஆர்ம் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, கணக்கு மென்பொருளின் முகப்பை மட்டும் அதில் நிறுவி, வைஃபை வழியே ரேம்ப்பின் தரவுத்தளத்தோடு இணையுங்கள். மின்விலைப்பட்டியல் உலாவியில் நடக்கும். முகப்பும் ஓடவில்லை என்றால் ரிமோட் டெஸ்க்டாப் வழியே ரேம்ப்புக் கணினிக்குள் நுழைந்து வேலை பார்க்கலாம். அப்போது எந்த மென்பொருளும் ஆர்ம் சில்லில் ஓடவேண்டியதில்லை. இதில் இரண்டு நிபந்தனை உண்டு. ரேம்ப்புக் கணினியில் விண்டோஸின் புரோ பதிப்பு இருக்க வேண்டும், ஹோம் பதிப்பு வெளியிலிருந்து வருபவரை ஏற்காது. நீங்கள் உள்ளே நுழைந்த கணத்தில் ரேம்ப்பில் இருப்பவரின் திரை பூட்டிக்கொள்ளும். லாரி மேடையில் நிற்கும்போது இது நடந்தால் உங்கள் ஆட்கள் தவித்துப்போவார்கள். ஆகவே ரிமோட் டெஸ்க்டாப்பை எடை போடாத நேரத்துக்கென்று வைத்துக்கொள்ளுங்கள், பகலில் கணக்கு முகப்பையே பயன்படுத்துங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆர்ம் ஒன்றையே எடைமேடையில் வைப்பது என்று முடிவுசெய்தால், திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் என்பதைக் கடைக்காரரிடம் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வாங்கிய அன்றே மாற்றிக் கம்பியைச் செருகி `Ports (COM & LPT)` வருகிறதா என்று பாருங்கள். பிறகு உரிமச் சாவி, பிறகு தரவுத்தளம், கடைசியில் உண்மையான மூன்று நகல் தாளில் ஒரு ரசீது. இந்த வரிசையில் எது நின்றாலும் மேலே போகாமல் மென்பொருள்காரரைக் கூப்பிடுங்கள். பழைய கணினியை அதுவரை அழிக்காமல், அதன் தரவுத்தளத்தின் நகலை ஒரு பென்டிரைவில் எடுத்து வீட்டில் வைத்திருங்கள். மாற்றியின் `Hardware Ids` வரியையும் பிரிண்டரின் மாதிரி எண்ணையும் எடை மென்பொருளின் பெயரையும் இங்கே எழுதினால், எந்தெந்த டிரைவருக்கு ஆர்ம் பதிப்பு இருக்கிறது என்று தேடிப் பார்த்துச் சொல்கிறேன்.